சீரம் ஏன் பழுப்பாகிறது: வைட்டமின் சி, குப்பி, கிடங்கு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட தொழில் வழித்தடத்தைக் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகளுக்காகத்தான் வெளியுலகம் அறியும். அந்த ஆலைகளுக்கு நடுவே வரிசை வரிசையாக நிற்கும் பெருங்கிடங்குகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இணையத்தில் வாங்கும் சரக்கு சென்னை வீடுகளுக்குள் போகும் முன் தங்கி எழும் இடங்களுள் இவை முக்கியமானவை. சோப்பும் துணியும் செருப்பும் இங்கே சில வாரம் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அதே அடுக்கில் வைட்டமின் சி சீரமும் கிடக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. கடலோரக் காற்று பிந்தி வந்து சேரும் இந்த உள்நிலப் பகுதியில் மே மாத மதியம் வெளியிலேயே 38, 40 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே, அதுவும் மேல் அடுக்கில், சூடு இன்னும் கூடும். நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ ஆலையை விட்டுக் கிளம்பிய திரவம் தேநீர் நிறத்தில் வீடு வந்து சேர்ந்தால், வாங்கியவர் கலவையைச் செய்த நிறுவனத்தைத் திட்டுகிறார். நிறுவனம், வெயிலில் வைத்தீர்களா என்று வாங்கியவரைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் உண்மையில் முடிவெடுப்பவை குப்பியின் வாயும் கிடங்கின் சூடும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நல்ல கலவை ஒரு சீரத்துக்கு வாழும் தகுதியைத் தருகிறது. அது எத்தனை நாள் வாழும் என்பதைக் கலவைக்கு வெளியே இருப்பவைதான் தீர்மானிக்கின்றன.

முதலில் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். வெட்டிய வாழைக்காய் கறுப்பதைப் போன்றதுதான் இதுவும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. வாழைக்காயில் ஒரு நொதி வேலை செய்கிறது. மோரிலோ புளித்தண்ணீரிலோ போட்டால் அந்த நொதி அடங்கிவிடும். சீரத்தில் நொதி எதுவும் இல்லை. அஸ்கார்பிக் அமிலம் ஆக்சிஜனோடு சேர்ந்து எலக்ட்ரான்களை இழந்து டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறுகிறது. இந்தப் பொருளுக்கு நிறம் கிடையாது. அதாவது முதல் இழப்பு கண்ணுக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. இந்த நிலை வரை திரும்பி வரவும் வழியுண்டு. அடுத்த படியில் தண்ணீர் அந்த மூலக்கூறின் வளையத்தை உடைத்து டைகீட்டோகுலோனிக் அமிலமாக்குகிறது. அங்கிருந்து திரும்பி வர வழியில்லை. அது மேலும் சிதைந்து ஆக்சாலிக் அமிலம், திரியோனிக் அமிலம், எரித்ருலோஸ் என்று பிரிகிறது. இந்தத் துண்டுகளில் சில ஒன்றோடொன்று பின்னிப் பெரிய பழுப்பு மூலக்கூறுகளாகின்றன. எரித்ருலோஸ் என்பது தோலைப் பழுப்பாக்கும் பூச்சுகளில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் சர்க்கரை. தோலின் புரதத்தோடு அது வினைபுரிந்து நிறம் கொடுக்கிறது. பழைய சீரத்தைத் தடவியவர்களின் விரல் நுனியும் நகக்கணுவும் ஆரஞ்சு நிறமாவதற்கும், கழுவினாலும் அது போகாமல் தோல் உரியும் வரை தங்குவதற்கும் இதுவே காரணம் என்று கருதப்படுகிறது.

இந்தச் சிதைவை மெதுவாக்கக் கலவை செய்பவர் கையில் மூன்று கருவிகள் உண்டு. ஒன்று அமிலத்தன்மை. அஸ்கார்பிக் அமிலம் ஹைட்ரஜனை இழந்து அயனியாகும்போதுதான் ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாகிறது. பிஎச் 4.2 அளவில் பாதி அயனியாக இருக்கும். பிஎச் 3.5இல் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு, 2.5இல் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஒரே ஓர் எண் ஏறினால் பாதுகாப்பற்ற பங்கு எட்டு மடங்கு ஏறுகிறது. தோலுக்குள் போவதற்கும் இதே அமிலத்தன்மை வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னல் குழு பன்றித் தோலில் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு, பிஎச் 3.5க்குக் கீழே இருந்தால்தான் அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்குகிறது, 20 சதவீதச் செறிவுக்கு மேல் போனால் கூடுதல் பயன் இல்லை என்று காட்டியது. இரண்டாவது கருவி துணை ஆன்டிஆக்சிடன்ட். அதே குழு 2005இல், 15 சதவீத அஸ்கார்பிக் அமிலமும் ஒரு சதவீத வைட்டமின் இ-யும் உள்ள கரைசலில் அரை சதவீதம் ஃபெருலிக் அமிலம் சேர்த்தால் கரைசல் நிலைப்படுகிறது, வெயிலிலிருந்து தோலைக் காக்கும் திறனும் இரட்டிப்பாகிறது என்று எழுதியது. இன்று சந்தையில் கிடைக்கும் பல சீரம்கள் இந்த மூன்று பொருள் கூட்டைத்தான் பின்பற்றுகின்றன.

மூன்றாவது கருவி உலோகத்தை வெளியே நிறுத்துவது. இதுதான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. எனக்கோ இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. கேரி பியூட்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988இல் காட்டிய உண்மை வியப்பானது. செம்பும் இரும்பும் முற்றிலும் நீக்கப்பட்ட கரைசலில், பிஎச் 7இல்கூட, அஸ்கார்பேட் தானாக ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை என்றே சொல்லலாம். தண்ணீரில் மறைந்திருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையாகவே அவர் இதைப் பயன்படுத்தச் சொன்னார். ஆக்சிஜன் தேவைதான். ஆனால் அதற்குக் கதவு திறந்துவிடுவது உலோக அயனி, அதிலும் இரும்பைவிடச் செம்பு பல மடங்கு வேகம். அப்படியானால் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி ஓடும் எந்த ஆலையும் அயனி நீக்கிய நீருக்கான ஏற்பாட்டில் சிக்கனம் பார்க்க முடியாது. 316 தர எவர்சில்வர் கலனில், உட்புறத்தை முறையாக அமிலம் கொண்டு பதப்படுத்தி, கலக்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. போன்ற உலோகப் பிடிப்பான் சேர்க்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு, சீரத்தைத் தொடும் உலோகச் சுருள்வில் கொண்ட மலிவான பம்ப்பை மேலே மாட்டினால், வெளியே நிறுத்திய உலோகம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. 15 சதவீத அமிலம் மாதக்கணக்கில் அந்தக் கம்பியை நனைத்துக்கொண்டே இருக்கும். சுருள்வில்லைத் திரவம் தொடாத பாதையில் வைத்த பம்ப்புகளும் முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன பம்ப்புகளும் கிடைக்கின்றன. வாங்குபவருக்கு வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆலையின் கொள்முதல் பிரிவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஆக்சிஜன் கணக்குக்கு வருவோம். பேக்கேஜிங்கின் பங்கு என்ன என்ற கேள்விக்கு இந்தக் கணக்கைவிடத் தெளிவான விடை இல்லை. 30 மில்லி குப்பியில் 15 சதவீத சீரம் இருந்தால் அதில் 4.5 கிராம், அதாவது 4,500 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் இருக்கிறது. மூடி போட்ட புதுக் குப்பியில் கழுத்துப் பகுதியில் 5 மில்லி காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு. எடையில் ஏறக்குறைய 1.35 மில்லிகிராம். திரவத்தில் கரைந்திருப்பது அதிகம் போனால் கால் மில்லிகிராம். ஆக மொத்தம் 1.6 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன், வினை போகும் பாதையைப் பொறுத்து, ஐந்தரை முதல் பதினொரு மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலத்தைத் தின்னும். அப்படியானால் மூடிய குப்பிக்குள் இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் வினைபுரிந்தாலும் போவது 9 முதல் 18 மில்லிகிராம். நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. நிரப்பும்போது நைட்ரஜன் ஊதிக் காற்றை வெளியேற்றுவது நல்ல பழக்கம்தான். ஆனால் விளம்பரத்தில் சொல்லப்படும் அளவுக்கு அது பெரிய காப்பு அல்ல. அது காப்பாற்றுவது இந்த அரைச் சதவீதத்தையும் தொடக்க நிறத்தையும் மட்டுமே.

டிராப்பர் குப்பியைத் திறந்ததும் கணக்கு தலைகீழாகிறது. ஒரு நாளைக்கு அரை மில்லி வீதம் இரண்டு மாதம் பயன்படுத்துவதாகக் கொள்வோம். திரவம் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. இந்த இரண்டு மாதத்தில் குப்பிக்குள் இருக்கும் காற்றின் சராசரி 20 மில்லி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் காற்று புதிதாக மாறினால், ஒவ்வொரு நாளும் 5.4 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ளே வருகிறது. 60 நாளில் 324 மில்லிகிராம். மூடிய குப்பியில் இருந்ததைப்போல் இருநூறு மடங்கு. இது உச்சவரம்பு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு முறை திறந்தால் காற்று முழுவதும் மாறிவிடுவதில்லை. வந்த ஆக்சிஜன் முழுவதும் மறுநாளுக்குள் வினைபுரிந்துவிடுவதும் இல்லை, நல்ல கலவை அதைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் பத்தில் ஒரு பங்கு வினைபுரிந்தாலே 180 முதல் 360 மில்லிகிராம் வரை இழப்பு. அந்த இழப்பு சமமாகப் பரவுவதும் இல்லை. ஐம்பதாம் நாளில் குப்பியில் மிஞ்சுவது 5 மில்லி திரவம், 750 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம். அதற்கு மேலே 30 மில்லி காற்று, 8 மில்லிகிராம் ஆக்சிஜன். அந்த ஒரு நாள் ஆக்சிஜன் 44 முதல் 88 மில்லிகிராம் அமிலத்தை அழிக்கப் போதும். முதல் மாதம் முழுக்க வெளிர் மஞ்சளாகவே இருந்த சீரம் கடைசிப் பத்து நாளில் மளமளவென்று பழுப்பாவது ஏன் என்பதற்கு இதுவே விடை. திரவம் திடீரென்று கெட்டுப்போகவில்லை. தாங்க வேண்டிய திரவம் குறைந்தது, தாக்கும் காற்று கூடியது.

டிராப்பரின் ரப்பர் குமிழையும் மறக்கக் கூடாது. கண்ணாடி ஆக்சிஜனை விடாது. குமிழ் விடும். மென்மையாக இருப்பதால் பலரும் விரும்பும் சிலிகான், ரப்பர் வகைகளிலேயே ஆக்சிஜனை மிக அதிகமாகக் கசியவிடுவது. ஊசிமருந்துக் குப்பிகளின் அடைப்பானுக்குப் பயன்படும் புரோமோபியூட்டைல் ரப்பர் கசிவில் கடைசி வரிசையில் நிற்கிறது. மருந்துத் துறை இந்தப் பாடத்தைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கற்றுவிட்டது. அதனால்தான் வைட்டமின் சி ஊசிமருந்தைக் கண்ணாடி ஆம்பூலில் நைட்ரஜன் நிரப்பி உருக்கி மூடுகிறார்கள்; ஒரு முறை உடைத்தால் மிச்சத்தை வைத்திருப்பதில்லை. ஒரே மூலக்கூறு மருத்துவமனையில் இவ்வளவு கண்டிப்போடு நடத்தப்படுகிறது. அழகுப் பொருளாக விற்கப்படும்போது அறுபது முறை திறந்து மூடும் குப்பியில் அடைக்கப்படுகிறது.

காற்றுப் புகாத பம்ப், அதாவது உள்ளே ஒரு பிஸ்டனோ பையோ திரவத்தோடு சேர்ந்து மேலேறிச் சுருங்கும் வகை, இந்தச் சிக்கலின் பெரும்பகுதியைத் தீர்க்கிறது. எடுத்த திரவத்தின் இடத்தில் காற்று நுழைவதே இல்லை. ஆனால் அதன் உடல் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். கண்ணாடியோடு ஒப்பிட்டால் அது ஆக்சிஜனுக்குச் சல்லடை. பெட் பிளாஸ்டிக் அதைவிடப் பல மடங்கு மேல். நடுவில் தடுப்பு அடுக்கு வைத்த பைகள் இன்னும் மேல். ஆக ஏர்லெஸ் என்று பெட்டியில் அச்சடித்திருப்பது பாதி விடைதான். எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு தடிமன், கடைக்கு வரும் முன் எத்தனை மாதம் என்பது மறுபாதி. மெல்லிய பாலிபுரொப்பிலீன் பம்ப்பில் ஓராண்டு கிடங்கில் கிடந்த சீரம், திறக்கும் முன்பே மஞ்சளாகியிருக்கலாம். கண்ணாடி டிராப்பர் குப்பியோ திறக்கும் வரை நன்றாக இருந்து, திறந்த பின் வேகமாகக் கெடும். ஒன்றுக்குக் கிடங்கில் பலவீனம், மற்றதற்கு வீட்டில் பலவீனம். இந்தக் கோணத்தில் பார்த்தால், தோல் மருத்துவர்கள் எழுதித்தரும் களிம்புகள் வரும் பழைய அலுமினியக் குழாய்க்கு இணை இல்லை. அலுமினியம் ஆக்சிஜனை விடாது. அழுத்திய பின் பழைய வடிவத்துக்குத் திரும்பாததால் காற்றை உறிஞ்சவும் செய்யாது. உட்புறத்தில் அமிலம் தாங்கும் பூச்சு கட்டாயம் வேண்டும், அவ்வளவுதான். பார்க்க மருந்துக்கடைச் சரக்கு மாதிரி இருக்கிறது என்பதற்காக அழகுப் பொருள் நிறுவனங்கள் அதை ஒதுக்குவது வருந்தத்தக்கது.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பி எதற்கு, வெளிச்சம்தானே எதிரி என்பார்கள். அஸ்கார்பிக் அமிலம் உறிஞ்சும் புற ஊதா அலைகள் 245 முதல் 265 நானோமீட்டர் வரிசையில் உள்ளவை. சாதாரணக் கண்ணாடியே அவற்றை நிறுத்திவிடும். நிலத்துக்கு வரும் சூரிய ஒளியில் அவை இருப்பதும் இல்லை. சாயமோ உலோகச் சுவடோ கலவையில் இருந்தால் அவை வழியாக வெளிச்சம் சிதைவைத் தூண்டும், ஆகவே இருட்டு நல்லதுதான். ஆனால் வரிசையில் அது மூன்றாவது காரணி. ஜன்னலோரத்தில் வைத்த சீரம் கெடுவதற்கு வெளிச்சத்தைவிட வெயிலின் சூடே பெரிய காரணமாக இருக்கும். பழுப்புக் கண்ணாடிக்கு இன்னொரு விளைவும் உண்டு. உள்ளே திரவம் நிறம் மாறியதை அது மறைத்துவிடுகிறது. ஆகவே வாங்கியவர் குப்பியைப் பார்க்காமல், ஒரு சொட்டை வெள்ளைத் தாளிலோ வெள்ளைத் தட்டிலோ விட்டுப் பார்ப்பதே சரியான வழி.

சூடு இரண்டாவது பெரிய காரணி. கிடங்கின் பொறுப்பு அதில்தான் தொடங்குகிறது. பத்து டிகிரி ஏறினால் வினை வேகம் இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர் கைக்கணக்கு. துல்லியமான விதி அல்ல, ஆனாலும் நிலைமையின் அளவைப் புரிந்துகொள்ள உதவும். 25 டிகிரிக்குப் பதிலாக 42 டிகிரியில் 20 நாள் கிடந்தால் வேகம் மூன்று மடங்குக்கும் மேல். அந்த 20 நாள் ஏறக்குறைய 65 நாளுக்குச் சமம். மூடிய குப்பியில் ஆக்சிஜன்தான் மிகக் குறைவாயிற்றே, சூடு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அஸ்கார்பிக் அமிலத்துக்கு ஆக்சிஜன் இல்லாமலே சிதையும் இன்னொரு பாதையும் இருக்கிறது. அமிலக் கரைசலில் அது மெதுவாகக் கார்பன் டை ஆக்சைடை விட்டு ஃபர்ஃபுரலாக மாறுகிறது. டப்பாவில் அடைத்த எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறுகள் திறக்காமலே பழுப்பாவதை உணவுத் துறையினர் நெடுங்காலமாக அறிவார்கள். அதில் இந்தப் பாதைக்குப் பெரும் பங்கு உண்டு. குளிர்ந்த அறையில் இது பொருட்படுத்த வேண்டாத வேகம். தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தில் பொருட்படுத்தியே ஆக வேண்டும். ஆக்சிஜனுக்கு எதிராக ஃபெருலிக் அமிலமும் வைட்டமின் இ-யும் போட்ட வேலிக்கும் இந்தப் பாதைக்கும் தொடர்பே இல்லை.

ஆலைகள் சும்மா இருப்பதில்லை, 40 டிகிரி சூட்டிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் மூன்று மாதமோ ஆறு மாதமோ வைத்துச் சோதித்த பிறகுதானே காலாவதித் தேதி போடுகிறார்கள் என்ற பதில் வரும். சோதிக்கிறார்கள், அந்தச் சோதனை பல பொருள்களுக்கு நன்றாகப் பொருந்தும். அஸ்கார்பிக் அமிலத்துக்கு அது ஓர் இடத்தில் தவறுகிறது. சோதனை அறையில் வைப்பது நிரம்பிய, திறக்காத குப்பி. அதிலிருந்த 1.6 மில்லிகிராம் ஆக்சிஜன் முதல் சில நாளிலேயே தீர்ந்துவிடும்; அதன்பின் எத்தனை மாதம் வைத்தாலும் ஆக்சிஜன் வழிச் சிதைவை அது சோதிக்கவில்லை. கண்ணாடிக் குப்பி இந்தச் சோதனையில் அழகாகத் தேறிவிடும். வீட்டில் நடப்பதோ வேறொரு சோதனை. 30 டிகிரி அறையில் வைத்து, தினம் ஒரு முறை திறந்து, டிராப்பரை அழுத்தி அரை மில்லி எடுத்து, மூடி, 60 நாள் தொடர்ந்து, ஒவ்வொரு வாரமும் மிச்சமிருக்கும் அமிலத்தை அளந்தால்தான் உண்மை தெரியும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பொறுமையான ஒரு பணியாளரும் ஒரு பியூரெட்டும் போதும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகள் காலாவதி மாதத்தையும் ஆண்டையும் உறையில் கேட்கின்றன. அந்தத் தேதி திறக்காத குப்பிக்கு உரியது. திறந்த நாளிலிருந்து ஓடும் இரண்டாவது கடிகாரத்தைப் பற்றி வாங்குபவருக்கு அது எதுவும் சொல்வதில்லை.

நிறத்தை எவ்வளவு நம்பலாம்? இரு பக்கமும் ஏமாறலாம் என்பதே உண்மை. பழுப்பு மூலக்கூறுகள் மிகச் சிறிய அளவிலேயே கண்ணுக்குப் பட்டுவிடும்; ஆகவே வெளிர் மஞ்சளான சீரத்தில் பெரும்பகுதி அமிலம் அப்படியே இருக்கலாம். ஃபெருலிக் அமிலம் உள்ள கரைசல் தொடக்கத்திலேயே சற்று மஞ்சளாக இருப்பதும் உண்டு. மறுபக்கம், முதல் சிதைவுப் பொருளுக்கு நிறமே இல்லை என்று பார்த்தோம். சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்த கலவையாக இருந்தால், அது பழுப்பாகப் போகும் துண்டுகளைப் பிடித்து நிறமற்று வைத்திருக்கும். அமிலம் குறைந்துகொண்டே போனாலும் திரவம் தெளிவாகவே தெரியும். எனவே தனி நிறத்தைவிட நிற மாற்றமே பயனுள்ள சாட்சி. திறந்த அன்று ஒரு சொட்டின் நிறத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்து, பின்னால் ஒப்பிடலாம். ஆரஞ்சைத் தாண்டிப் பழுப்புக்குப் போய்விட்டால் தூக்கி எறியலாம். அங்கே விவாதத்துக்கு இடமில்லை.

உறுதியாக அளக்க வேண்டுமானால் பள்ளி ஆய்வகத்தில் செய்யும் அயோடின் தரம்பார்த்தலே போதும். ஒரு கிராம் சீரத்தை எடைபோட்டு 100 மில்லியாக நீர்த்து, அதில் 10 மில்லி எடுத்து, ஸ்டார்ச் சேர்த்து, 0.005 மோலார் அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சீரத்தில் முழு 15 சதவீதம் இருந்தால் அந்த 10 மில்லியில் 15 மில்லிகிராம் அமிலம். 17 மில்லி அயோடின் போனதும் நீல நிறம் நிலைக்கும். 12 மில்லியிலேயே நீலம் நின்றுவிட்டால் மிச்சம் பத்தரை சதவீதம்தான். ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த வடிவம் அயோடினோடு வினைபுரியாது. ஆகவே உயிரோடு இருப்பதை மட்டுமே இது கணக்கெடுக்கிறது. சல்பைட் சேர்த்த சீரத்தில் மட்டும் எண் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் சல்பைட்டும் அயோடினைத் தின்னும். அதே தொகுதியின் புதுக் குப்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படித்தால் அந்தப் பிழையை ஓரளவு அடையாளம் காணலாம்.

பத்தரை சதவீதம் மிச்சம் என்றால் அது வேலை செய்யாதா? செய்யும். பழுப்பானால் எல்லாம் போச்சு என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பிஎச் சரியாக இருந்தால் 10 சதவீதக் கரைசலும் தோலுக்குள் போகும். தோலுக்குள் சேர்ந்த அமிலம் அங்கே பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு நாள் ஆகும் என்றும் 2001ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. 15இல் பத்தில் மூன்று பங்கு இழந்தது பேரழிவு அல்ல. ஆனால் டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமும் தோலுக்குள் போய் மறுபடி வைட்டமின் சி ஆகிவிடும், ஆகவே ஆக்சிஜனேற்றம் ஒரு பொருட்டல்ல என்று சில விற்பனையாளர்கள் சொல்வதை ஏற்க முடியாது. அதே ஆய்வில் டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலத்தைத் தடவியபோது தோலில் வைட்டமின் சி அளவு உயரவில்லை. அப்படியானால் கெடாத மாற்று வடிவங்களுக்குப் போய்விடலாமே என்பது அடுத்த யோசனை. இந்தியச் சந்தையில் எத்தில் அஸ்கார்பிக் அமிலம் பரவியிருப்பதற்கு இந்த வெயிலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கிடங்குக்கு அது நல்ல தீர்வு. ஆனால் நிலைத்து நிற்பதும் தோலில் வேலை செய்வதும் ஒன்றல்ல. 2001 ஆய்வில் சோதித்த மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட், அஸ்கார்பில் பால்மிடேட் இரண்டும்கூடத் தோலின் அளவை உயர்த்தவில்லை. ஒவ்வொரு மாற்று வடிவமும் தனித்தனியே தன்னை நிரூபிக்க வேண்டும். தூய அமிலத்தின் சான்றைக் கடன் வாங்கக் கூடாது.

வீட்டில் ஃப்ரிட்ஜில் வைப்பது பயன் தருமா என்றால், தரும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும் என்பது உண்மைதான். லிட்டருக்கு 4 டிகிரியில் 13 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. ஆனால் வினை வேகம் குறைவது அதைவிடப் பல மடங்கு. சில கலவைகளில் ஃபெருலிக் அமிலம் குளிரில் படிகமாக இறங்கலாம். அடியில் மணல்போல் தெரிந்தால் அறை வெப்பத்தில் சற்று வைத்தால் போதும். ஆனால் ஃப்ரிட்ஜ் சூட்டை மட்டுமே குறைக்கிறது. டிராப்பர் தினமும் கொண்டுவரும் காற்றை அது குறைப்பதில்லை.

அந்தக் காற்றைக் குறைக்க மிக எளிய வழி குப்பியைச் சிறிதாக்குவது. 30 மில்லிக் குப்பி ஒன்றுக்குப் பதில் 10 மில்லிக் குப்பி மூன்று என்று வைத்துக் கணக்குப் போடலாம். 20 நாளில் தீரும் சிறு குப்பியில் காற்றின் சராசரி 7 மில்லி. 20 முறை திறந்தாலும் உச்சவரம்பாக வரும் ஆக்சிஜன் 38 மில்லிகிராம். மூன்றுக்கும் சேர்த்து 114. பெரிய குப்பியில் அது 324. அதே கலவை, அதே டிராப்பர், அதே வீடு; தாக்கும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகிறது. காத்திருக்கும் இரண்டு குப்பிகளும் ஃப்ரிட்ஜில் திறக்காமல் இருக்கும். மூன்று குப்பி, மூன்று மூடி, மூன்று லேபிள் என்றால் விலை ஏறும் என்பார்கள். ஏறும்தான். பெரிய குப்பியின் கடைசி 5, 6 மில்லியைப் பழுப்பானதால் குப்பையில் போடுபவர் தான் கொடுத்த விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்கெனவே இழந்துகொண்டிருக்கிறார் என்பதை அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். வழித்தடத்துக் கிடங்குகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். முழுக் கிடங்கையும் குளிரூட்ட வேண்டியதில்லை. மார்ச் முதல் ஜூன் வரை இந்த ஒரு வகைச் சரக்கை மேல் அடுக்கிலிருந்து தரை அடுக்குக்கு இறக்கி, 25 டிகிரியில் வைத்த சிறு அறை ஒன்றில் பூட்டி, முதலில் வந்தது முதலில் போகும்படி அனுப்பினால், 65 நாளுக்குச் சமமான அந்த மூப்பு 20 நாளாகவே நின்றுவிடும்.